பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு என்ன உடுத்துவது? உட்காரப் போவது பிள்ளைகளின் நாற்காலியில்

மாடிப்படி · 3 ஜூலை, இரவு 9.40

அடுத்த வாரம் மகளின் வகுப்பில் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆபீஸிலிருந்து நேராகப் போக வேண்டும். வழியில் சின்னவனையும் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றரை வயது அவனுக்கு, படி என்றால் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டான். வகுப்பறை இரண்டாம் மாடி.

போன முறை எங்களை உட்காரச் சொன்னது பிள்ளைகளின் நாற்காலியில். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. டீச்சர் நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினார். நானோ ஒரு கையில் முந்தானை, இன்னொரு கையில் பிள்ளை என்று உட்கார்ந்து "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பாதி மனசில் நிற்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கையில் இருப்பவை மூன்று. கஞ்சி போட்ட காட்டன் சேலை. முழங்காலுக்குக் கீழே வரும் குர்தாவும் ஸ்ட்ரெய்ட் பேன்ட்டும். ஆபீஸ் பேன்ட், சட்டை. பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும், கசங்கக் கூடாது, குனிந்து நிமிர முடிய வேண்டும். "எது போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ். நிஜமாகவே யோசித்துச் சொல்லுங்கள்.

காற்றாடி · 3 ஜூலை, இரவு 10.05

இதுல யோசிக்க என்ன இருக்கு? லூஸா போடுங்க. வழக்கமா எடுக்கறதைவிட ஒரு சைஸ் பெரிசு. துணி பாலியஸ்டர். கசங்கவே கசங்காது. குனியலாம், ஓடலாம், ஏறலாம். நான் எல்லாத்துக்கும் அப்படித்தான்.

நிலாமுற்றம் · 3 ஜூலை, இரவு 10.31

என் பையனுக்கு எப்பவும் யூனிஃபார்ம்தான் போட்டுக் கூட்டிப் போவேன். லீவு நாள்ல சந்திப்பு வெச்சாலும் அதேதான். ஒரு தடவை கலர் சட்டை போட்டு விட்டேன், "நான் மட்டும் வேற மாதிரி இருக்கேன்"னு முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டான். உங்க பொண்ணுக்கும் யூனிஃபார்மே போடுங்க. ஷூவுக்கு மட்டும் பாலிஷ்.

மாடிப்படி · 3 ஜூலை, இரவு 10.40

நிலாமுற்றம் அக்கா, நான் கேட்டது எனக்கு! அவள் எப்படியும் யூனிஃபார்மில்தான் இருப்பாள். ஆனால் ஒன்று நல்லது, அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

காற்றாடி, ஒரு சைஸ் பெரிய குர்தா ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கினால் அதுவும் கூடவே மேலே ஏறுகிறது. லூஸாக இருந்தும் ஏன் அப்படி?

ஊசிநூல் · 4 ஜூலை, காலை 6.15

நான் தையல் கடையிலேயே வாழ்நாளைக் கழித்தவன். கண் ஒத்துழைக்காததால் இப்போது மிஷினில் உட்காருவதில்லை. நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அம்மா. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

லூஸ் வேறு, அசைவு வேறு. கையைத் தூக்கும்போது துணி எங்கிருந்து வருகிறது என்று பார். ஆம்ஹோல் அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருந்தால், அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத் தையல் நீளமாக இருக்கும். கை மேலே போகும், உடம்புத் துணி இருந்த இடத்தில் நிற்கும். ஆம்ஹோல் கீழே இறங்கி விலாவில் இருந்தால், கையும் உடம்பும் சேரும் இடமே விலாதான். கையைத் தூக்கினால் அந்த இடம் மேலே போகும், மொத்த உடுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு சைஸ் பெரிசு வாங்கினால் சுற்றளவு மட்டும் கூடுவதில்லை, ஆம்ஹோலும் இறங்கிவிடும். உன் பெரிய குர்தா ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

பேன்ட்டுக்கும் இதே கதை. கவட்டு உடம்பை விட்டுக் கீழே தொங்கினால் காலை அகட்டி வைக்க முடியாது. படியில் முழங்காலைத் தூக்கும்போது தொடையில் பிடிக்கும். லூஸ் பேன்ட் போட்டு படியேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. எல்லாரும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று கிளம்புகிறார்கள். நீ அங்கே நிற்கப் போவதில்லை, உட்காரப் போகிறாய், அதுவும் தாழ்வாக. அதனால் வீட்டில் அப்படி உட்கார்ந்து பார். தாழ்வான முக்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாடிப்படியில் இரண்டாவது படியில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்று. மூன்று உடுப்பையும் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, முன்னால் குனிந்து தரையில் கிடக்கும் நோட்டு ஒன்றை எடு. அப்படியே எழுந்திரு. துணியைச் சரிசெய்ய உன் கை எங்கெங்கே போகிறது என்று பார்த்து இங்கே எழுது. அதை வைத்துச் சொல்கிறேன்.

காற்றாடி · 4 ஜூலை, காலை 8.20

அண்ணே, பாலியஸ்டர் கசங்காதுன்னு சொன்னது சரிதானே?

ஊசிநூல் · 4 ஜூலை, காலை 8.55

சரிதான் தம்பி. கசங்காது. வேர்வையையும் உறிஞ்சாது. பஸ்ஸில் வந்து, பிள்ளையைத் தூக்கி இரண்டு மாடி ஏறினால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். காற்று வறண்ட நாளில் உள்ளே போட்டிருக்கும் லெகிங்ஸிலும் ஒட்டும், நடக்க நடக்கக் காலுக்கிடையில் சுருண்டு ஏறும். முழு பாலியஸ்டரைவிட பருத்தி கலந்தது மேல். அதுவே வேண்டுமென்றால் உள்ளே ஒரு மெல்லிய பருத்தி ஸ்லிப் போட்டுக்கொள்ளச் சொல்.

சாக்பீஸ் · 4 ஜூலை, மாலை 5.30

நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஊசிநூல் ஐயா சொன்ன இரண்டாவது படிக் கணக்கு மிகச் சரி. எங்கள் வகுப்புக்கு நாற்காலி வாங்கியபோது ஐரோப்பிய அளவுமுறையான இ.என். 1729 போட்ட பட்டியலைப் பார்த்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு உட்காரும் உயரம் 31 செ.மீ., அதற்கு அடுத்தது 35 செ.மீ. அதே பட்டியலில் பெரியவர்கள் உட்காரும் அளவு 46. மாடிப்படி ஒன்று ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. வரும், ஆக இரண்டு படி எங்கள் நாற்காலியின் உயரம்தான்.

நானும் அந்தக் குட்டி நாற்காலியில்தான் உட்காருவேன். பெற்றோர் தாழ்வாகவும் நான் மேசைக்குப் பின்னால் உயரமாகவும் உட்கார்ந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால் சந்திப்பு நாளில் என் உடுப்பும் இதே சோதனையில் தேற வேண்டும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று மாலையில் கேட்டால் எனக்கு நினைவிருக்காது. ஆனால் எதிரில் இருப்பவர் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தால், அவருக்கு உட்கார முடியவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும். நான் அவசர அவசரமாகச் சொல்லி முடித்து நோட்டை மூடிவிடுவேன். அந்த நேரத்தில் சொல்லாமல் விட்டுப்போகும் விஷயம் சில சமயம் முக்கியமானதாக இருக்கும். இன்னொன்று சென்ட். சின்ன அறை, ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். எல்லார் வாசனையும் தங்கி மூச்சு முட்டும். அதை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மாடிப்படி · 5 ஜூலை, இரவு 10.50

உட்கார்ந்து பார்த்துவிட்டேன் ஐயா. சின்னவனுக்கு ஒரே குஷி, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான்.

சேலை: உட்கார்ந்தவுடன் முன்கொசுவம் முழங்கால் மேல் ஏறிப் பாவாடை நுனி தெரிந்தது. அதை இறக்கிவிட ஒரு கை போனது. அவனை மடியில் வைத்ததும் முந்தானை அவன் கைக்குள். ஆனால் பெரிய தொல்லை எழுந்திருக்கும்போதுதான். தாழ்வான இடத்திலிருந்து முன்னால் சாய்ந்து எழும்போது கொசுவத்தின் நுனி காலுக்கடியில் மாட்டி இடுப்பில் உருவப் பார்த்தது. கஞ்சி வேறு, மடியில் விழுந்த மடிப்பு அப்படியே கத்தி மாதிரி நின்றுவிட்டது.

பேன்ட்-சட்டை: படியேற நன்றாக இருந்தது. உட்கார்ந்தால் பின்னால் இடுப்பு இறங்கி, சட்டை வெளியே வந்து, முதுகு தெரிகிறது. நெஞ்சுக்கு நேரே இரண்டு பட்டனுக்கு இடையில் வாய் திறக்கிறது. கை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

குர்தா: மூன்றில் இதுதான் மேல். ஆனால் இரண்டு குறை. அவனை இடுப்பில் வைத்தால் அந்தப் பக்கம் சைடு ஓபன் விலகி இடுப்பு தெரிகிறது. அப்புறம், உட்கார்ந்து குனிந்தால் முன்கழுத்து தொண்டையை அழுத்துகிறது. கழுத்து சின்னதா என்று பார்த்தால், நிற்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

ஊசிநூல் · 6 ஜூலை, காலை 6.05

நன்றாகப் பார்த்திருக்கிறாய். ஒன்றொன்றாக வருகிறேன்.

தொண்டை அழுத்துவதற்குக் கழுத்து காரணமில்லை. குர்தாவின் பின்பக்கத் துணியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறாய். துணி உனக்கடியில் மாட்டிக்கொள்கிறது, நீ குனியும்போது முதுகு நீள்கிறது, வர வேறு துணி இல்லாமல் கழுத்தைப் பின்னால் இழுக்கிறது. உட்காரும் முன் பின்பக்கத்தை இரு விரலால் லேசாகத் தூக்கிவிட்டு உட்கார், போதும். குர்தா எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இது தொல்லை தரும். முழங்கால் மட்டத்தில் நிற்கிற நீளம் உனக்கு இன்னும் வசதி.

சைடு ஓபன் விலகுவதற்கு: ஓபன் ஆரம்பிக்கும் இடம் இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறதா பார். ரெடிமேடில் நிறைய அப்படித்தான் வருகிறது. அந்த இடத்திலிருந்து கீழே மூன்று விரல்கடை, கையாலேயே உள்தையல் போட்டு மூடு. அதற்கும் கீழே போகாதே. போனால் படியேறும்போது தொடையில் பிடிக்கும், தையல் முடிந்த இடத்தில் கிழியும். முடிவில் நூலை அதே இடத்தில் நாலைந்து முறை சுற்றிக் கட்டிவிடு. இழுவை அங்கேதான் விழும்.

பேன்ட் பின்னால் இறங்குவது அதன் வெட்டு. உட்காரும்போது பின்பக்கம் நீளம் கேட்கும், முன்பக்கம் சுருங்கும். நல்ல பேன்ட்டில் பின்சீட் முன்னைவிட உயர்த்தி வெட்டியிருக்கும். உன்னுடையதில் அது போதவில்லை, இனிமேல் ஏற்ற முடியாது. அதைப் போட்டே ஆக வேண்டுமென்றால் சட்டையை உள்ளே விடாமல், இடுப்பைத் தாண்டி இறங்குகிற நீளச் சட்டையாகப் போடு. பட்டன் வாய் திறக்கிற இடத்தில் உள்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் தைத்தால் மூடிக்கொள்ளும்.

சேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போது கண் வலிக்கிறது, அப்புறம் வருகிறேன்.

ஸ்பேனர் · 6 ஜூலை, மதியம் 1.15

எல்லாம் சேலை, குர்தாவாகவே இருக்கு. அப்பாக்களும் போறோம்ங்க. நான் ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக். மத்தியானம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுட்டுத்தான் போக முடியும். நீல யூனிஃபார்ம். உட்காரலாம், குனியலாம், அதுக்காகவே தைச்ச உடுப்பு. டீச்சர் சொல்ற சோதனையெல்லாம் அதுல தேறிடும். ஆனா கிரீஸ் கறை இருக்கும். துவைச்சாலும் முழுசாப் போகாது.

அப்படியே போகலாமா? ஒரு தடவை போனேன். கேட்லயே நிறுத்தி "ரிப்பேருக்கு வந்தீங்களா, பின்னால போங்க"ன்னாங்க. என் பொண்ணு மேல ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா.

சாக்பீஸ் · 6 ஜூலை, மாலை 6.00

ஸ்பேனர் அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என் வகுப்புக்கு நீங்கள் யூனிஃபார்மில் வந்தால், வேலைக்கு நடுவில் பிள்ளைக்காக ஓடி வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். எனக்கு அதைவிட மரியாதை வேறில்லை. அப்படியே வாருங்கள்.

ஸ்பேனர் · 6 ஜூலை, இரவு 8.40

நீங்க சொல்றது சந்தோஷம் டீச்சர். ஆனா உங்க ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி கேட்டைத் தாண்டணும். கேட்ல நீங்க இல்லையே.

அதனால நான் இப்பல்லாம் ஒர்க்‌ஷாப் லாக்கர்ல ஒரு சட்டை ஹேங்கர்ல போட்டு வெச்சிருக்கேன். கட்டம் போட்டது, கரு நீலம். பேன்ட் மாத்துறதில்லை, நேரமில்லை. சட்டையும் கையும் சுத்தமா இருந்தா யாரும் கீழே பார்க்கறதில்லை. நகத்துக்குள்ள இருக்கிற கறைக்கு சமையல் எண்ணெயை முதல்ல தேய்ச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டா போயிடும். நேரா சோப்பு போட்டா கிரீஸ் நகர்றதே இல்லை.

மாடிப்படி · 6 ஜூலை, இரவு 11.10

ஸ்பேனர் அண்ணா எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மரியாதையாக இருக்க வேண்டும்" என்று முதல் நாள் எழுதினேன். யாருக்கு மரியாதை? டீச்சருக்கு என்று நினைத்துத்தான் எழுதினேன். டீச்சர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்று சாக்பீஸ் சொல்கிறார். அப்படியானால் கேட்டில் இருப்பவருக்கும், வரிசையில் நிற்கும் மற்ற பெற்றோருக்கும்தான் நாம் உடுத்துகிறோமா? அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அண்ணா சட்டை மாற்றுவது தவறு என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

மகளிடம் கேட்டேன். "நீ எது வேணா போடும்மா. ஆனா ஆபீஸ் அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வராத" என்றாள். ஏன் என்றால், அது இருந்தால் நான் சீக்கிரம் கிளம்பிவிடுவேனாம்.

நிலாமுற்றம் · 7 ஜூலை, காலை 7.30

பாத்தீங்களா, பிள்ளைங்ககிட்ட கேக்கணும்னு சொன்னேன்ல. என் பையன் எங்கிட்ட சொன்னது "சத்தம் வர்ற செருப்பு வேணாம்". ஹால்ல நடந்தா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்களாம்.

அந்தக் கேட்காரர் பேசினது தப்பு. பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்திருக்கணும், ஸ்பேனர் தம்பி.

ஸ்பேனர் · 7 ஜூலை, காலை 7.50

எழுதிக் குடுத்தா என் பொண்ணு பேரும் சேர்ந்து அங்க போகுங்க அக்கா. அதான் விட்டுட்டேன்.

காற்றாடி · 7 ஜூலை, காலை 9.10

சரி, லூஸ் விஷயத்தை விடறேன். நேத்து என் பெரிய சட்டையைப் போட்டு கையைத் தூக்கிப் பார்த்தேன், தொப்புள் வரைக்கும் ஏறுது. ஆனா கசங்கற விஷயத்துக்குப் பதில் இன்னும் வரலை. காட்டன்தான் வேணும், கசங்கவும் கூடாதுன்னா எப்படி?

ஊசிநூல் · 7 ஜூலை, மாலை 4.30

காட்டன் கசங்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் துணிக்குத் துணி மாறும். துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடி, மனசுக்குள் முப்பது எண்ணு, விடு. கோடுகள் கூர்மையாக அப்படியே நின்றால், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடியும் அப்படித்தான் இருக்கும். மெதுவாக விரிந்து மங்கினால் பரவாயில்லை. லினன் இதில் தோற்கும். கஞ்சி போட்ட எதுவும் தோற்கும். கொஞ்சம் கனமான, நெருக்க நெய்த பருத்தியும் பருத்தி-பாலியஸ்டர் கலவையும் தேறும். சின்னச் சின்ன அச்சு இருக்கிற துணியில் கசங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.

இஸ்திரி போடும் விதமும் உண்டு. எல்லாரும் பெட்டியை எடுத்தவுடன் சூட்டோடு மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பருத்தியில் ஈரமும் சூடும் இருக்கும்வரை இழைகள் இளகியிருக்கும், ஆறும்போதுதான் எந்த வடிவில் இருக்கிறதோ அதில் நிலைக்கும். சூட்டோடு போட்டு பைக்கில் உட்கார்ந்தால், அந்த மடிப்பை நீயே இஸ்திரி போட்டது போலத்தான். முந்தின நாள் இரவே லேசான ஈரத்தோடு தேய்த்து, ஹேங்கரில் தொங்கவிட்டு நன்றாக ஆறவிடு.

அப்புறம் வேர்வை. உள்மடிப்பில் ஈர விரலை ஒற்றிப் பார். பட்ட இடம் கறுத்துத் தெரிந்தால் அக்குளிலும் முதுகிலும் அப்படியே தெரியும். சாம்பலும் வெளிர் நீலமும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கரு நீலமும் மறைக்கும். ஸ்பேனர் தம்பி கட்டம் போட்ட கரு நீலம் எடுத்திருக்கிறார், கறைக்கும் கசங்கலுக்கும் வேர்வைக்கும் சேர்த்து அதைவிட நல்ல சட்டை இல்லை.

சாக்பீஸ் · 7 ஜூலை, இரவு 7.15

ஒரு கேள்வி ஐயா, எனக்காக. நான் சேலைதான் கட்டுவேன், எனக்கு அதுதான் பழக்கம். சேலை என்றாலே உட்கார முடியாது என்று இங்கே முடிவாகிவிட்டது போல இருக்கிறது. அதில் எனக்குச் சம்மதமில்லை. நாள் முழுக்கச் சேலையில் குனிந்து நிமிர்கிறேன்.

ஊசிநூல் · 8 ஜூலை, காலை 6.20

நானும் அப்படிச் சொல்லவில்லை, டீச்சரம்மா. நேற்றே எழுத வேண்டியது.

சேலையில் அசைவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பாவாடை. ஆறு துண்டு வைத்துத் தைத்த, கீழே விரிகிற பாவாடையில் எந்தப் படியும் ஏறலாம். இப்போது உடம்பை ஒட்டி, மீன் வால் மாதிரி கீழே மட்டும் விரிகிற சேப்வேர் கட்டுகிறார்கள். நிற்கும்போது அழகு. ஆனால் முழங்கால் வரை இறுக்கம், தாழ்வான நாற்காலியில் உட்காரும்போது அதுதான் முதலில் தொடையில் ஏறும், சேலையையும் கூட்டிக்கொண்டு போகும். மாடிப்படி, நீ எதைக் கட்டிப் பார்த்தாய்?

கொசுவம் காலில் மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் செருப்பு. அன்றைக்குப் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சேலையைச் செருக வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டு உயரமான செருப்பு போட்டால் கணுக்கால் தெரியும், உயரச் செருப்பில் கட்டிவிட்டு வகுப்பு வாசலில் கழற்றினால் தரையில் புரளும். கொசுவத்தைச் செருகும் முன் மடிப்புகளைச் சேர்த்து, செருகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே உள்பக்கம் ஒரு பின். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் ஒரு பின், அதன் நுனியை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டால் பிள்ளை கைக்கு எட்டாது. மெல்லிய துணியென்றால் பின்னுக்கடியில் சின்னத் துணித்துண்டு ஒன்றை மடித்து வை, இழுவையில் சேலை கிழியாது.

கஞ்சி மட்டும் வேண்டாம்.

மாடிப்படி · 8 ஜூலை, இரவு 9.25

சேப்வேர்தான் ஐயா. அதைச் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. நேரமிருந்தால் பாவாடையோடு மறுபடி உட்கார்ந்து பார்ப்பேன், நாளை மறுநாள் சந்திப்பு. குர்தாவுக்கே முடிவு செய்துவிட்டேன். சைடு ஓபனை மூன்று விரல்கடை மூடியாயிற்று. பழுப்பு நிறம், சின்னப் பூ அச்சு, முப்பது எண்ணும் சோதனையில் தேறியது. துப்பட்டா வேண்டாம், அது இன்னொரு முந்தானை. ஸ்ட்ரெய்ட் பேன்ட்டில் தொடையில் ஒரு அங்குலத் துணி கிள்ள வருகிறது, படியேறும்போது இறுக்கவில்லை. தோளில் நழுவும் ஹேண்ட்பேக்குக்குப் பதில் குறுக்கே மாட்டும் பை.

மாடிப்படி · 10 ஜூலை, இரவு 9.50

போய் வந்தேன். மேல்தளத்தில் அதே நாற்காலி. பின்பக்கத்தை லேசாகத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன், கழுத்து அழுத்தவில்லை. சின்னவன் மடியிலேயே தூங்கிவிட்டான். டீச்சர் கணக்கு நோட்டைக் காட்டினார். கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் மகள் ஒரே மாதிரி தடுமாறுகிறாள், பத்தைக் குறைக்க மறந்துவிடுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்துக் காட்டினார், நானும் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டேன். வேறு எதிலும் கை போகவில்லை.

ஒன்றில் மட்டும் தடுமாற்றம். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் போட்டிருந்தது பக்கிள் வைத்தது. தூங்குகிற பிள்ளையோடு குனிந்து மாட்ட முடியவில்லை, பின்னால் நின்ற ஒரு அம்மா மாட்டிவிட்டார். அடுத்த முறை காலை நுழைத்தாலே போகிற மாதிரி.

சாக்பீஸ் டீச்சர், நான் பார்த்த இன்னொன்று. கட்டடத் தொழிலாளி ஒருவர் வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். டீச்சர் எழுந்து நின்று வரவேற்றார். ஆனால் வரிசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி நான் கிளம்பும்வரை காலியாகவே இருந்தது. ஸ்பேனர் அண்ணா சொன்னதும் டீச்சர் சொன்னதும் ஒரே அறைக்குள் நடந்தது.

ஸ்பேனர் · 10 ஜூலை, இரவு 10.20

அந்த நாற்காலில நீங்க போய் உக்காந்திருக்கலாமேம்மா.

மாடிப்படி · 10 ஜூலை, இரவு 10.35

என் முறை முடிந்து வெளியே வரும்போதுதான் அவரைப் பார்த்தேன் அண்ணா. ஆனால் நீங்கள் சொல்வது சரி. இனிமேல் அப்படிச் செய்வேன்.

காற்றாடி · 11 ஜூலை, காலை 8.05

அண்ணே, கடைசியா ஒண்ணு. ஆம்ஹோல் இறங்கின சட்டை வீட்ல நாலு இருக்கு. தூக்கித் தைக்க முடியுமா, இல்ல தூக்கிப் போடணுமா? மனைவியோட ரெண்டு பிளவுஸும் அதே மாதிரி, கை தூக்கினா கீழ்ப்பட்டி மேலே ஏறுதாம்.

ஊசிநூல் · 11 ஜூலை, மாலை 5.10

வெட்டி எடுத்த துணியை ஏற்ற முடியாது தம்பி. பக்கத் தையலைப் பிடித்து டைட் பண்ணினால் உடம்பு ஒட்டும், ஆம்ஹோல் அங்கேயேதான் இருக்கும், இன்னும் இழுக்கும். அதைச் செய்யச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள், வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

சட்டைக்கு ஒரு வழி உண்டு. அக்குளில் கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கலாம். கையைத் தூக்கும்போது அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும், உடம்புத் துணி ஏறாது. அதே துணி வேண்டும், முழுக்கைச் சட்டையென்றால் கையைக் குறைத்து அதிலிருந்து எடுக்கலாம். பிளவுஸுக்கும் அதேதான். உள்ளே விட்டிருக்கும் துணியில் துண்டு எடுக்க முடிகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல். அக்குளில்தானே, வெளியே தெரியாது. உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டித் தைத்திருந்தால், நிறம் ஒத்த வேறு துணிதான்.

காற்றாடி · 11 ஜூலை, மாலை 5.40

ஒரு பிளவுஸைப் பிரிச்சுப் பார்த்தாச்சு. உள்ளே ஒரு அங்குலம் இருக்கு. போதுமா?

ஊசிநூல் · 11 ஜூலை, மாலை 6.00

ரெண்டு பக்கமும் சேர்த்து எடுத்தால் ஒரு கைக்கு வரும். இன்னொரு கைக்கு வேறு துணி பார்க்கச் சொல்.